ரத்தக்கட்டைச் சுற்றி ஒரு பேனாக்கோடு

வணக்கம், நேயர்களே. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டுவரும் முதியவர் ஒருவர் வீட்டுக்குள் தடுக்கி விழுகிறார். எலும்பு முறியவில்லை, எழுந்து நடமாடுகிறார். மறுநாள் காலையில் பார்த்தால் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருக்கிறது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? அந்த ஒரு கேள்வியைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று இதை நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் ரத்தம் இளகுவதுமில்லை, நீர்த்துப்போவதுமில்லை. அது உறைய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் நீள்கிறது. வார்ஃபரின், அசினோகூமரால், அபிக்சபான், ரிவரோக்சபான், டபிகட்ரான் ஆகியவை இந்த வகை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் வேறு வழியில் வேலை செய்பவை என்றாலும், அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கும் எளிதில் கன்றும். இதோடு முதுமையும் சேர்கிறது. தோல் மெலிந்து, அதன் அடியில் மெத்தைபோல் இருந்த கொழுப்பும் குறைந்துவிடுவதால், சிறு ரத்தக்குழாய்கள் லேசான இடியிலேயே கிழிகின்றன. ஆகவே இவர்களுக்குக் கன்றல் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை. அது எவ்வளவு பெரிது என்பதைவிட, இன்னும் வளர்கிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

அதைக் கண்டுபிடிக்க நான் எல்லோரிடமும் சொல்லும் கருவி ஒரு சாதாரணப் பேனா. இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு நோயாளியின் மருமகள். அவருடைய மாமியாருக்கு வயது 78. இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருந்ததால் பல ஆண்டுகளாக வார்ஃபரின் சாப்பிட்டுவந்தார். ஒரு மாலை கட்டிலின் விளிம்பில் வெளித்தொடை மோதும்படி விழுந்தார். தலையில் அடிபடவில்லை என்பதை அருகில் நின்ற பேரன் கண்ணால் பார்த்திருந்தான். இரவு எட்டு மணிக்கு மருமகள் கன்றிய இடத்தின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவைத்தார். காலையில் நிறம் கீழ்ப்பக்கக் கோட்டை இரண்டு விரல்கடை தாண்டியிருந்தது, மேல்கோட்டைத் தொடவில்லை. இன்னொரு கோடு வரைந்தார். மூன்றாம் நாள் முழங்காலின் பின்குழியும் கெண்டைக்காலும் கறுத்துவிட்டன. கால் அழுகுகிறதோ என்று வீடே கலங்கிப்போய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள்.

நான் கேட்டவை சில கேள்விகள்தான். தொடையின் வீக்கம் நேற்றைவிடக் கெட்டியாக இருக்கிறதா? இல்லை, தளர்ந்திருக்கிறது. கால்விரல்களை அசைக்க முடிகிறதா, உணர்ச்சி இருக்கிறதா? இரண்டும் உண்டு. எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா? இல்லை. கெண்டைக்காலில் புதிய வலியோ வீக்கமோ உண்டா? நிறம் மட்டும்தான். அப்படியானால் அது புதிய கசிவில்லை என்றேன். தொடையில் முன்பே கசிந்த ரத்தம், திசுக்களின் இடுக்கு வழியாகத் தன் எடையால் கீழே இறங்கியிருக்கிறது. நெற்றியில் அடிபட்டவருக்கு இரண்டு நாள் கழித்துக் கண்ணைச் சுற்றிக் கறுப்பதும் இதே இறக்கம்தான். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அன்றே செய்யச் சொன்னேன், 2.6 வந்தது. அவருக்கு இருக்க வேண்டிய அளவு 2 முதல் 3 வரை. கறுப்பு பச்சையாகி, மஞ்சளாகி, முழுவதும் மறைய ஐந்து வாரம் ஆயிற்று.

எனவே நிறம் கீழே இறங்குவது ஒன்று, வீக்கம் வளர்வது வேறொன்று. மீண்டும் சொல்கிறேன்: நிறம் இறங்கலாம், வீக்கம் வளரக் கூடாது. கோட்டைத் தாண்டியது நிறம் மட்டுமா, புடைப்புமா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் புடைப்பும் சேர்ந்து எல்லாப் பக்கமும் விரிந்தால் உள்ளே ரத்தம் இன்னும் நிற்கவில்லை என்று பொருள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறிய ரத்தக்கட்டு ஒன்று எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அபிக்சபான் சாப்பிட்ட ஒரு பெரியவர் படியின் விளிம்பில் முன்னங்காலை இடித்துக்கொண்டார். வீக்கம் கோழிமுட்டை அளவுதான் இருந்ததால் இரண்டு நாள் பொறுத்திருந்தார்கள். அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே இடமே கிடையாது. தேங்கிய ரத்தம் தோலை விண்ணென்று இழுத்து, அதற்குப் போகும் ரத்த ஓட்டத்தை நெரித்துவிட்டது. அவர் வந்தபோது மேல்தோல் பளபளப்பு மாறிக் கறுத்து இறந்திருந்தது. அதை அகற்றித் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. முதல் நாளே வந்திருந்தால் சிறு கீறலில் கட்டியை வெளியேற்றித் தோலைக் காப்பாற்றியிருக்கலாம். இதே நெரிசல் கெண்டைக்காலின் தசைக்குள் நடந்தால் இன்னும் மோசம். அடிக்குப் பொருந்தாத கடும் வலி, கால்விரல்களை மேல்நோக்கி மடக்கும்போது அந்த வலி கூடுவது, பாதம் மரத்துப்போவது ஆகியவை தெரிந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

வெளியே தெரியாத கசிவும் உண்டு. தொடைக்குள் ஒரு லிட்டர் ரத்தம்கூடத் தேங்க முடியும். முகம் வெளுப்பது, குளிர்ந்து வியர்ப்பது, நின்றதும் மயக்கம் வருவது, விலாவிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ புதிய வலி எழுவது ஆகியவை அவசர அடையாளங்கள். நாடி வேகமாக ஓடவில்லையே என்று சமாதானம் அடைந்துவிடாதீர்கள். மெட்டோபுரோலால் போன்ற இதய மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி வேகமெடுக்காமலே போகலாம். காலை ஊன்றவே முடியாவிட்டால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறதா என்று அன்றே பார்த்தாக வேண்டும்.

தலையில் அடிபட்டிருந்தால் பேனாவுக்கு வேலையே இல்லை. கன்றல் தெரியாவிட்டாலும், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். ஸ்கேன் தேவையா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, அவருக்கும் நினைவில்லை என்றால், தலையில் பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும், அடுத்த சில வாரங்களில் புதிய தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், நடையில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுபடி போக வேண்டும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள், ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். முதல் இரண்டு நாள் அதைப் பலமுறை செய்து, காலை உயர்த்தி வைக்கலாம். தேய்த்து உருவுவதும், சூடு ஒத்தடம் கொடுப்பதும், ஊசியால் குத்தி வெளியேற்றுவதும் கூடாது. வலிக்கு இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். அளவோடு பாராசிட்டமால் போதும். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் பக்கவாத ஆபத்து வரும். ஆனால் கன்றல் பெரிதாக இருக்கும்போது அடுத்த வேளை மாத்திரையை விழுங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைக் குறித்தும் கொண்டுபோக வேண்டும். ஏனெனில் மாத்திரைக்கு மாத்திரை முறிமருந்து வேறு. அபிக்சபான் போன்றவற்றின் வேகத்தை ஐ.என்.ஆர். காட்டாது என்பதால், அந்த எண் சரியாக வந்தது மட்டும் ஆறுதல் ஆகாது.

ஏன் விழுந்தார் என்பதைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வார்ஃபரின் சாப்பிடுபவர் சமீபத்தில் மெட்ரோனிடசோல் போன்ற கிருமிக்கொல்லி மருந்து எடுத்திருந்தால் ஐ.என்.ஆர். உயர்ந்திருக்கலாம்; மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை நீங்களே சொல்லுங்கள். வணக்கம்.