குளவிக் கூடும் கூட்டக் குறிப்பும்

(தோட்டப் பாதுகாப்புக் குழுக்களுக்குப் புதிதாகத் தெரிவான அங்கத்தவர்கள் மத்தியில், அட்டனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமார்களே, அக்காமார்களே, தலைவர்மார்களே, ஸ்டோரில் இருந்து வந்திருக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

பல வருஷத்துக்கு முன்பு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு பாதுகாப்புக் குழு இருந்தது. மாதம் ஒரு கூட்டம், டீ, பிஸ்கட், குறிப்புப் புத்தகம், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக நடக்கும். அந்தக் குறிப்பை எழுதுகிற செயலாளர் நான்தான். ஒரு மாசி மாதக் கூட்டத்தில், நம்பர் ஏழு மலையில் கற்பாறைக்குப் பக்கத்து மரத்தில் குளவிக் கூடு தொங்குவதாக ஓர் அக்கா சொன்னார். “குளவிக் கூடு பற்றிப் பேசப்பட்டது. ஆவன செய்யப்படும்” என்று எழுதினேன். பங்குனியிலும் அதே பேச்சு வந்தது, அதே வரியை எழுதினேன். சித்திரையில் அந்தக் கூடு கலைந்தது. ஒன்பது பெண்களுக்குக் கொட்டு, இரண்டு பேரைக் கொழுந்து லொறியில்தான் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அன்று இரவு புத்தகத்தைத் திறந்து அந்த இரண்டு வரியையும் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். “ஆவன செய்யப்படும்” என்றால் யார் செய்வது? எந்தத் திகதிக்குள் செய்வது? அந்த வரியில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. இரண்டு மாதமாக எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு கூட்டை எடுக்கும் பொறுப்பு ஒருவருக்கும் இருக்கவில்லை. இன்று உங்களிடம் பேச வந்தது இதற்காகத்தான்.

முதலில், குழுவில் யார் உட்கார வேண்டும்? சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1981இல் வெளியிட்ட 164ஆம் இலக்க விதந்துரை, இப்படியான கூட்டுக் குழுவில் தொழிலாளர் தரப்புக்கு நிர்வாகத் தரப்புக்குச் சமமான இடமாவது இருக்க வேண்டும் என்கிறது. சமம் என்பது குறைந்தபட்சம், கூடவும் இருக்கலாம். மூன்று டிவிஷனும் ஒரு ஸ்டோரும் உள்ள ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகத் தரப்பில் துரை, ஒரு சின்னத்துரை, ஸ்டோர் பொறுப்பான ஐயா, டிஸ்பென்சரி ஐயா என்று நாலு பேர். தொழிலாளர் தரப்பில் டிவிஷனுக்கு ஒரு கொழுந்து எடுக்கும் பெண் என்று மூன்று பேர், மருந்தடிக்கிற ஓர் ஆள், ஸ்டோரில் இரண்டு பேர், ஆக ஆறு. ஸ்டோரின் இரண்டு பேரில் ஒருவர் இரவு வேலை ஆளாக இருக்கட்டும். தேயிலை அரைப்பதும் காய்ச்சுவதும் பெரும்பாலும் இரவில்தான். ரோலரில் கை போகப் பார்த்த கதை பகல் ஆளுக்குத் தெரியாது.

கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் தொழிலாளர் பக்கத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் நல்ல மனிதர்களாக இருக்கலாம், நம் லயத்திலேயே இருக்கலாம். ஆனாலும் தன் கொழுந்தை நிறுக்கிறவரும் தன் பேரைப் போடுகிறவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த அக்காவும் மனம் விட்டுப் பேசமாட்டார். இது நான் கண்ணால் பார்த்தது. எங்கள் பழைய குழுவில் தொழிலாளர் என்று இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் கங்காணிமார்.

தலைவர்மார் கோபிக்கக் கூடாது. சங்கத் தலைவர் என்பதற்காகவே குழுவில் இடம் என்ற வழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். நாலு சங்கம் உள்ள தோட்டத்தில் இடத்தைச் சங்கவாரியாகப் பிரித்தால், நாலு ஆண்கள் வந்து உட்காருவார்கள், கொழுந்து எடுக்கிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். அதனால் இடம் வேலைவாரியாக. எல்லாச் சங்கத்துக்கும் ஒரு வாரத்துக்கு முன்பே அறிவித்தல் கொடுத்தோம், பேர் முன்மொழியலாம் என்றோம். அப்புறம் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலேயே, அந்தந்த வேலை ஆட்கள் மட்டும் சீட்டுப் போட்டுத் தெரிவு செய்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆளுக்கொரு நிறச் சீட்டு. தலைவரும் நிற்கலாம், அவர் செய்யும் வேலையின் பேரில்.

கூட்டம் வேலை நேரத்தில் நடக்க வேண்டும், வந்தவர்களுக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, விழ வேண்டும். அதே விதந்துரை, கூலியோடு கூடிய வேலை நேரத்தில் பிரதிநிதிகளுக்கு இதற்கான நேரம் கொடுக்கச் சொல்கிறது. புதிய குழுவாக நாங்கள் முதலில் மாலை நாலரைக்குக் கூடினோம். கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகும் தண்ணீரும் பார்க்க ஓடுகிற பெண் எப்படி வருவார்? மூன்று மாதத்தில் ஒரு பெண்கூட வரவில்லை. காலை பத்து மணிக்கு மாற்றிய மாதமே மூவரும் வந்தார்கள்.

சரி, நிகழ்ச்சிநிரல். பழைய கூட்டக் குறிப்பை வாசித்து, ஏற்று, முன்மொழிந்து, வழிமொழிந்து என்று இருபது நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக் கூட்டத்தில் முதல் விஷயம், போன மாதம் யார் எதைச் செய்வதாக ஏற்றார், செய்தாரா என்பது மட்டும். எங்கள் புத்தகத்தில் நாலு கட்டம் கோடு போட்டோம்: என்ன வேலை, யார், எந்தத் திகதிக்குள், முடிந்ததா. ஒரு வேலைக்கு ஒரே ஓர் ஆளின் பெயர்தான். “நிர்வாகம்”, “குழு” என்று எழுதினால் அந்த இடம் வெறுமை என்று கணக்கு.

இரண்டாவது, அந்த மாதத்து விபத்துகளும், மயிரிழையில் தப்பியவைகளும். இதற்கு நேரம் தாராளமாகக் கொடுங்கள். மூன்றாவது, கூட்டத்துக்கு முந்திய வாரம் இரு தரப்பிலும் ஒவ்வோர் ஆள் சேர்ந்து ஒரு டிவிஷனைச் சுற்றிப் பார்த்த விவரம். கடைசியாக, வரும் மாதம் புதிதாக என்ன வேலை என்பது: எந்த மலையில் கவ்வாத்து, எங்கே மருந்தடிப்பு, ஸ்டோருக்கு எந்த மெஷின் வருகிறது. வந்த பிறகு பேசுவதைவிட வருமுன் பேசுவது இலேசு. சம்பளம், லயத்துக் கூரை, வேலைநாள் பிரச்சினையை இங்கே கொண்டுவராதீர்கள். அவை முக்கியமானவை, அவற்றுக்குச் சங்கம் இருக்கிறது. ஒருமுறை சம்பளப் பேச்சு எங்கள் கூட்டத்துக்குள் வந்தது. அன்று டிரையர் பக்கத்துக் கம்பி அடைப்பைப் பற்றிப் பேச நேரமே கிடைக்கவில்லை.

இனி அந்தக் குளவிக் கூட்டுக்கு வருவோம். சம்பவத்துக்குப் பிறகு விசேஷக் கூட்டம் கூட்டி, கொட்டு வாங்கிய பெண்களையே கூப்பிட்டோம். “உங்களுக்கு முன்பே கூடு தெரியுமா?” என்று கேட்டோம். ஏழு பேருக்குத் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை? ஒரு பாட்டி சொன்னார்: “சொன்னா அந்த நிரைய மூடிருவாங்க. அப்புறம் எனக்கு கிலோ சேராது. அரைப் பேருதான் விழும்.”

எல்லாமே அந்த ஒரு பதிலில் இருந்தது. ஆபத்தைச் சொல்கிறவர் தன் கூலியைக் கொடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு பெண் தன் கழுத்தையும் காதையும் காட்டினார், கொட்டுக் காயம் நிறைய. குளவி கலைந்தபோது கூடையைக் கழற்றிப் போட்டிருந்தால் அவர் ஓடியிருக்கலாம். செடிக்கு நடுவே, சரிவில், நெற்றியில் கயிறு மாட்டிய நிறைந்த கூடையோடு ஓட முடியாது. ஏன் போடவில்லை என்றதற்கு, “காலையில இருந்து எடுத்த கொழுந்துங்க” என்றார்.

அந்தக் கூட்டத்தில் நாலு வரி எழுதினோம். ஒன்று, கூடு இருக்கிற இடத்தைச் சொன்னால் அந்த நிரைகள் மூடப்படும், அங்கே வேலை செய்ய இருந்தவர்களுக்கு அன்று கிலோ பார்க்காமல் முழுப் பேர். இரண்டு, குளவி கலைந்து கூடையைப் போட்டுவிட்டு ஓடினால், அந்தக் கூடை நிறைந்ததாகவே கணக்கு. இந்த இரண்டையும் தீர்மானிக்கத் துரைக்குத்தான் அதிகாரம். அவர் அறையில் இருந்தபடியால் பத்து நிமிடத்தில் முடிந்தது. பணம் செலவழிக்க அதிகாரம் இல்லாத ஒருவரை நிர்வாகம் அனுப்பியிருந்தால், “மேலே சொல்லிப் பார்க்கிறேன்” என்ற பதிலோடு இன்னொரு மாதம் போயிருக்கும்.

மூன்றாவது வரி, ஒரு மலைக்குக் கொழுந்து சுற்று தொடங்குவதற்கு முதல்நாள் ஓர் ஆள் மரங்களையும் பாறை இடுக்குகளையும் பார்த்து வந்து, கண்ட இடத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். நாம் குளவி என்று சொல்வதில் பெரிய மலைத்தேனீயும் அடங்கும். அது பருவத்துக்குப் பருவம் இடம் மாறிப் போனாலும் பழைய மரத்துக்கே திரும்பி வரும். அதனால் கூடு போன பிறகும் அந்த மரத்தைத் தோட்டப் படத்தில் குறித்து வைத்தோம். பருந்து கொத்தினாலும், புகை போனாலும் கலைந்துவிடும். பகலில் தீ வைக்கப் போகிற வேலையை அடியோடு நிறுத்தினோம். எடுப்பதென்றால் பழக்கப்பட்டவர்கள், மாலை இருட்டிய பின், லயத்துக்கும் சொல்லிவிட்டு.

நாலாவது, கொட்டு விழுந்த பிறகு என்ன செய்வது. முகத்தைப் படங்கால் மூடிக்கொண்டு, கையை வீசாமல் விலகி ஓட வேண்டும். தேனீயாக இருந்தால் முள் தோலிலேயே நிற்கும், அதைத் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், நாக்கு உதடு வீக்கம், தலைச்சுற்று, இதில் ஒன்று வந்தாலும் டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி. முன்பு ஒருமுறை அப்படி ஆனவர்களின் பட்டியல் டிஸ்பென்சரி ஐயாவிடம். லொறி டிரைவரின் போன் நம்பர் ஒவ்வொரு கொழுந்து மடுவத்திலும். இந்த நாலு வரிக்கும் நாலு பெயர், நாலு திகதி.

குழு நலமாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தப்பிய சம்பவங்கள் எத்தனை சொல்லப்பட்டன என்று பாருங்கள். ஒரு மாதம் எட்டு, அடுத்த மாதம் ஐந்து, அப்புறம் பூச்சியம் என்று போனால் சந்தோஷப்படாதீர்கள். சொன்ன ஒருவருக்கு எங்கோ ஏச்சு விழுந்திருக்கிறது, போய் விசாரியுங்கள். அதேபோல ஒரே விஷயம் மூன்று கூட்டத்துக்கு மேல் “முடியவில்லை” என்று நின்றால், அதை முதல் விஷயமாக்கி, தடையாக இருப்பது பணமா, ஆளா, மனமா என்று அங்கேயே கேளுங்கள்.

இங்கே ஓர் அக்கா கேட்டார், துரை கூட்டத்துக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று. வரவில்லை என்பதை அப்படியே எழுதுங்கள், ஏழு நாளுக்குள் மறு திகதி கேளுங்கள். அதற்கும் வராவிட்டால், புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கம்பனிக்கு ஒன்றும், தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு ஒன்றும் அனுப்புங்கள். தொழில் பரிசோதகரைச் சந்திக்கப் பிரதிநிதிக்குச் சுதந்திரம் இருக்க வேண்டும் என்பதும், பாதுகாப்பு வேலையைச் செய்ததற்காக அவருடைய வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்பதும் அந்த 164ஆம் இலக்க விதந்துரையிலேயே இருக்கிறது. கடிதத்தில் தனி ஆளின் கையெழுத்து வேண்டாம், தொழிலாளர் தரப்பு ஆறு பேரும் போடுங்கள். புத்தகம் ஆபீசில் ஒன்றும் உங்கள் கையில் ஒன்றுமாக, இரண்டு இருக்கட்டும்.