ஆற்றல் இரண்டு மடங்கு, ஆயுள் 10²⁴ மடங்கு: ஆல்ஃபா சிதைவு பற்றிய கேள்விக்கு விளக்கம்

கேள்வி: "ஐயா, தோரியம்-232 ஆல்ஃபா சிதைவில் வெளிவிடும் ஆற்றல் சுமார் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட். பொலோனியம்-212 வெளிவிடுவது சுமார் 9. ஆனால் அரை ஆயுள் ஒன்றுக்கு 1400 கோடி ஆண்டு, மற்றொன்றுக்கு ஒரு மைக்ரோ நொடி கூட இல்லை. ஆற்றல் அதிகமான துகள் வேகமாக மோதிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது என்பதுதான் காரணமா?"

இல்லை. ஆனால் மிக நல்ல கேள்வி. கடைசி வரியைப் படித்ததிலிருந்து இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் எடுத்துக்கொண்ட இரண்டு அணுக்கருக்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தோரியம் வரிசை தோரியம்-232இல் தொடங்குகிறது. பொலோனியம்-212 அதன் கடைசிப் படி, அங்கிருந்து ஈயம்-208. ஒரே வரிசையின் இரு முனைகளுக்கு இடையே அரை ஆயுளில் 10²⁴ மடங்கு வேறுபாடு!

முதலில் மோதலை முடித்துவிடுவோம். அணுக்கருவுக்குள் ஆல்ஃபா துகள் அங்குமிங்கும் ஓடி விளிம்பில் மோதுவதாக எண்ணிக்கொண்டால், நொடிக்கு 10²¹ முறை என்ற அளவில் மோதும். தோரியத்திலும் அதே அளவு, பொலோனியத்திலும் அதே அளவு. வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கருவுக்குள் இயக்க ஆற்றலின் வேறுபாடும் பெரியதல்ல. அதனால் மோதல் எண்ணிக்கையில் இரண்டு மடங்கு வித்தியாசம் கூட வராது. 10²⁴ வேறு எங்கிருந்தோதான் வர வேண்டும்.

அது, துகளை உள்ளே அடைத்து வைத்திருக்கும் அரணிலிருந்து வருகிறது. போதிய ஆற்றல் இல்லாமலேயே துகள் அரணைக் கடந்துவிடும் குவாண்டம் ஊடுருவல் பற்றிய உரைகளைப் பார்த்தவர்களுக்கு அரண் என்றதும் நேராக நிற்கும் செவ்வகச் சுவர்தான் நினைவுக்கு வரும். பாடம் நடத்த அது வசதி. ஆனால் இந்தக் கேள்விக்கு அது போதாது. அணுக்கருவைச் சுற்றியிருப்பது சுவர் அல்ல, குன்று. உள்பக்கம் செங்குத்து. வெளிப்பக்கம் மின் விலக்கு விசையால் ஆன சரிவு; தொலைவு இரட்டிப்பானால் உயரம் பாதியாகும். அடிவாரம் வெகுதூரம் பரந்து கிடக்கும். அதிக உயரத்தில் துளையிட்டால் குறுகிய தூரத்தில் மறுபுறம் வந்துவிடலாம். தாழ்வாகத் துளையிட்டால் அடிவாரம் முழுவதையும் கடக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோரியத்திலிருந்து ஆல்ஃபா போனால் மிஞ்சுவது ரேடியம், அதன் மின்சுமை 88. ஆல்ஃபாவும் ரேடியம் கருவும் ஒன்றையொன்று தொடும் தொலைவு சுமார் 9.2 ஃபெர்மி; ஒரு ஃபெர்மி என்பது 10⁻¹⁵ மீட்டர். அங்கே குன்றின் உயரம் சுமார் 27 மெகா எலக்ட்ரான் வோல்ட். துகளிடம் இருப்பதோ 4.08. குன்று அந்த அளவுக்குத் தாழ்வது 62 ஃபெர்மி தொலைவில்தான். ஆக, 53 ஃபெர்மி தடிமனைக் கடக்க வேண்டும்.

பொலோனியத்தில் குன்றின் உயரம் 26. கிட்டத்தட்ட அதே குன்றுதான். ஆனால் துகளின் ஆற்றல் 8.95, அந்த மட்டத்தில் குன்று 26 ஃபெர்மியிலேயே முடிந்துவிடுகிறது. உள்விளிம்பு 9 ஃபெர்மி. தடிமன் வெறும் 17.

தடிமனுக்கு ஏன் இவ்வளவு சக்தி? அரணுக்குள் போகும் அலை, ஒவ்வொரு ஃபெர்மிக்கும் ஏதோ ஒரு எண்ணால் வகுபட்டுக்கொண்டே போகிறது. கழித்தல் அல்ல, வகுத்தல்! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. சரிவு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டால், தோரியத்தில் ஊடுருவும் வாய்ப்பு ஒரு ஃபெர்மிக்குச் சராசரியாக 5.4ஆல் வகுபடுகிறது, பொலோனியத்தில் 6.4ஆல். கவனியுங்கள், தோரியத்தில் வகுக்கும் எண் சற்றுக் குறைவு, ஏனென்றால் அதன் நீண்ட அடிவாரத்தில் குன்று துகளின் மட்டத்தைவிட அதிகம் உயர்ந்திருக்கவில்லை. ஆனாலும் 5.4ஆல் 53 முறை வகுக்க வேண்டும், 6.4ஆல் 17 முறை போதும். துல்லியமாகப் போட்டால் தோரியத்தில் ஒரு மோதலுக்குக் கிடைக்கும் வாய்ப்பு 10³⁹இல் 2. பொலோனியத்தில் 10¹⁴இல் 1.

இவற்றை நொடிக்கு 10²¹ மோதல்களால் பெருக்குங்கள். பொலோனியத்தின் அரை ஆயுள் ஒரு நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் வருகிறது. அளந்த மதிப்பு 3 பங்கு. தோரியத்துக்கு 1100 கோடி ஆண்டு வருகிறது. அளந்தது 1400 கோடி. இந்தப் பொருத்தத்தில் மயங்கிவிடவும் கூடாது. தொடும் தொலைவை ஒரு ஃபெர்மி கூட்டி வைத்தால் விடை ஐம்பது மடங்கு வரை மாறிவிடும். ஆனால் இரண்டு கருக்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல மாறுவதால், இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரிதாகக் கலையாது. நாம் விளக்க முற்பட்டதும் அந்த விகிதத்தைத்தானே.

ஆற்றலுக்கும் ஆயுளுக்கும் உள்ள இந்தத் தொடர்பை கெய்கரும் நட்டாலும் 1911இலேயே அளவீடுகளிலிருந்து கண்டுவிட்டார்கள். காரணம் 17 ஆண்டுகள் தெரியவில்லை. இடையில் ரதர்ஃபோர்டைக் குடைந்த புதிர் எனக்கு மிகவும் பிடித்தது: யுரேனியத்தின் மீது, அதுவே உமிழ்வதைவிட அதிக ஆற்றல் கொண்ட ஆல்ஃபா துகள்களை எய்தாலும் அவை கருவுக்குள் நுழையாமல் திரும்புகின்றன. அப்படியானால் உள்ளிருப்பது குறைந்த ஆற்றலோடு எப்படி வெளியே வந்தது? 1928இல் காமோவும், தனியாக கர்னியும் காண்டனும், ஊடுருவலைக் கொண்டு விடை சொன்னார்கள்.

இந்த விதி எங்கும் வழுவாது என்று நினைக்காதீர்கள். யுரேனியம்-235இன் சிதைவு ஆற்றல், யுரேனியம்-234க்கும் 236க்கும் இடையில் இருக்கிறது. விதிப்படி சில பத்து லட்சம் ஆண்டுகள் ஆயுள் வர வேண்டும். உண்மையில் 70 கோடி ஆண்டுகள், இரண்டு அண்டை ஐசோடோப்புகளையும்விட மிக அதிகம். இணையில்லாத ஒற்றை நியூட்ரான் ஒன்று அங்கே இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு ஆல்ஃபா உருவாவது கடினம். அந்தத் தாமதம் அரணின் கணக்கில் அடங்காது. ஆகவே இரட்டைப்படைப் புரோட்டான்களும் இரட்டைப்படை நியூட்ரான்களும் கொண்ட கருக்களை மட்டும் ஒப்பிடுங்கள், விதி அழகாகப் பொருந்தும்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி: ஆற்றல் 4க்கும் கீழே போனால் என்ன ஆகும்? பிஸ்மத்-209 வெகுகாலம் நிலையானது என்றே கருதப்பட்டது. அதன் ஆல்ஃபா சிதைவு ஆற்றல் 3.14. பிரான்சில் மிகக் குளிர்ந்த படிகங்களை வைத்து 2003இல் அதன் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். அரை ஆயுள் சுமார் 2×10¹⁹ ஆண்டுகள்.

நம் வரிசையின் முடிவான ஈயம்-208க்கும் ஆல்ஃபாவை வெளிவிட ஆற்றல் இருக்கிறது, சுமார் 0.5 மெகா எலக்ட்ரான் வோல்ட். அந்த மட்டத்தில் குன்றின் அடிவாரம் 440 ஃபெர்மிக்கும் அப்பால்தான் முடிகிறது. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் அரை ஆயுள் 10¹²⁰ ஆண்டுகளையும் தாண்டும். அட்டவணைகள் ஈயம்-208ஐ நிலையானது என்று எழுதுவதற்கு, அந்தத் தடிமன்தான் காரணம். ஆற்றல் இல்லை என்பதல்ல.