குறும்படம் முடிந்தது, முதலில் எங்கே அனுப்புவது?

நேயர்களுக்கு வணக்கம். குறும்படத்தின் வேலை முடிந்தவுடன் பலர் கண்ணில் படுகிற திரைப்பட விழாக்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். FilmFreeway போன்ற தளங்களில் நாலு பொத்தானை அழுத்தினால் போதும் என்பதால் கை நின்றுவிடுவதில்லை. ஆனால் முதல் விழா எது என்பதை வைத்துத்தான் அடுத்த விழாக்கள் எவை என்பது முடிவாகிறது. இன்று அந்த வரிசையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பெரிய விழாக்களில் சில, படம் வேறெங்கும் திரையிடப்படாததாக இருக்க வேண்டும் என்று கேட்கும். இதைத்தான் உலக முதல் காட்சி என்கிறோம். வெனிஸ் விழாவின் குறும்படப் போட்டி அப்படிப்பட்டது. வேறு பல விழாக்கள் தங்கள் நாட்டில் முதல் காட்சியாக இருந்தால் போதும் என்கின்றன. குறும்படத்துக்கு எந்த நிபந்தனையும் விதிக்காதவையும் நிறைய உண்டு. ஒரு சின்ன விழாவில் அவசரப்பட்டுத் திரையிட்டுவிட்டால் முதல் வகை விழாக்களின் கதவு மூடிவிடும். யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டால் இன்னும் பல கதவுகள் மூடும். விழாச் சுற்று முடியும்வரை படம் கடவுச்சொல்லால் பூட்டிய இணைப்பிலேயே இருக்கட்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு படம் 16 நிமிடம் 10 வினாடி. அதில் கடைசிப் பெயர்ப் பட்டியல் மட்டும் 1 நிமிடம் 50 வினாடி ஓடுகிறது. கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு உச்சவரம்பு 15 நிமிடம், பெயர்களும் அதில் அடக்கம். கதையில் ஒரு ஷாட்டைக்கூட வெட்ட வேண்டியதில்லை. பெயர்களை நெருக்கி 35 வினாடிக்குள் கொண்டுவந்தால் படம் 14 நிமிடம் 55 வினாடியாகிவிடும். வெனிஸுக்கு வரம்பு 20 நிமிடம், அங்கே முதலிலிருந்தே சிக்கலில்லை. நீளம் விதிக்காக மட்டும் முக்கியமல்ல. குறும்படங்களை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தொகுப்பாகத்தான் காட்டுவார்கள். 28 நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால் அந்த இடத்தில் வரக்கூடிய இரண்டு சின்னப் படங்களைக் கைவிட வேண்டியிருக்கும். எனவே நீளமான படம் அதற்கேற்ற அளவுக்குத் தேர்வாளர் மனதைப் பிடித்தாக வேண்டும்.

இனி நுழைவுக் கட்டணம். பன்னிரண்டு விண்ணப்பங்களுக்குப் பணம் இருக்கிறது என்று வையுங்கள். என் கணக்கில் இரண்டு அல்லது மூன்றுதான் மிகப் பெரிய விழாக்களுக்கு. ஆறு, உங்கள் படத்தின் கருவோடும் நீளத்தோடும் ஒத்துப்போகிற நடுத்தர விழாக்களுக்கு. மிச்சத்தைக் கையிலேயே வைத்திருங்கள், முதல் முடிவுகள் வந்தபின் தேவைப்படும். நடுத்தர விழாவைத் தேர்ந்தெடுக்கும்போது போன வருடம் அங்கே தேர்வான படங்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் படத்தைப் போன்ற ஒன்றுகூட அதில் இல்லையென்றால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் வீண்தான். கெடு நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும் என்பதால் முதல் கெடுவிலேயே அனுப்புவது லாபம். ஆனால் ஒலிக்கலவை முடியாத பிரதியை அவசரமாக அனுப்பி மிச்சம்பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன். அதே படத்தை அதே ஆண்டில் இரண்டாம் தடவை பார்க்கத் தேர்வாளர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

நீங்கள் கேட்காமலேயே பாராட்டும் தள்ளுபடிக் குறியீடும் அனுப்பி அழைக்கிற விழா என்றால் நிதானியுங்கள். மாதந்தோறும் விருது, எண்ணற்ற பிரிவுகள், திரையரங்கின் பெயரே இல்லை, கோப்பைக்குத் தனியாகப் பணம் என்றால் அங்கே உங்கள் படத்தை யாரும் திரையில் பார்க்கப்போவதில்லை. மாறாக, உண்மையான விழா ஒன்றின் கட்டணம் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், விண்ணப்பிக்கும் முன்பே அவர்களுக்கு இரண்டு பத்தியில் எழுதிக் கேளுங்கள். மாணவர்களுக்கும் முன்பு பங்கேற்றவர்களுக்கும் சில விழாக்கள் விலக்கு தருகின்றன. பணம் கட்டியபின் கேட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

அனுப்பும் பொருட்களில் மிக அதிகமாகக் கவனிக்க வேண்டியது, தேர்வாளர்கள் பார்ப்பதற்கான பார்வைப் பிரதியின் இணைப்பு. கடவுச்சொல்லை எல்லா முடிவுகளும் வரும்வரை மாற்றாதீர்கள். தேர்வாளர் மூன்று மாதம் கழித்துத்தான் திறக்கக்கூடும். இந்தப் பிரதியில் ஆங்கில வசன வரிகள் படத்தோடு பதிந்தே இருக்கட்டும். தனிக் கோப்பாகக் கொடுத்தால் பலர் திரையில் அது தோன்றாமலே போகும். கதைச்சுருக்கம் இரண்டு வரியில் ஒன்று, ஒரு பத்தியில் ஒன்று போதும். புகைப்படங்களை வண்ணச் சீரமைப்பு முடிந்த படத்திலிருந்து எடுங்கள், எழுத்து எதுவும் இல்லாமல், அச்சடிக்கும் தரத்தில். தேர்வானால் விழாக் கையேட்டில் வரப்போவது போஸ்டர் அல்ல, அந்தப் புகைப்படம்தான்.

திரையரங்குக்கான டிசிபி பிரதியை இப்போதே செய்து பணம் செலவழிக்க வேண்டாம். தேர்வுக் கடிதம் வந்தபிறகு, விழா கேட்கும் முறைப்படி செய்துகொள்ளலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் பாடல், பின்னணி இசை எல்லாவற்றுக்கும் விழாத் திரையிடல் உரிமை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்திலேயே அதை உறுதிசெய்து கையெழுத்திடச் சொல்வார்கள்.