ராக்கெட் ஏன் தன் உடலை உதறிவிட்டுப் போகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

ராக்கெட் ஏவுவதை நேரலையில் பார்த்திருப்பீர்கள். கிளம்பி இரண்டு, இரண்டரை நிமிடம் ஆனதும் அதன் கீழ்ப்பகுதி கழன்றுவிடும். ராக்கெட்டில் மிகப் பெரிய பகுதியே அதுதான். அதை ஏன் நடுவழியில் உதற வேண்டும்? ஒரே உடலாகக் கட்டி முழுசாக மேலே கொண்டுபோனால் என்ன? இன்றைக்கு இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்களோடு பதில் தேடுவோம். கணக்கு எளிமையானதுதான், பயப்பட வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சுற்றுப்பாதையை அடைவதில் உயரத்தைவிட வேகமே பெரிய சிக்கல். பூமியைத் தாழ்வாகச் சுற்றிவர நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். போகும் வழியில் புவியீர்ப்பும் காற்றும் கொஞ்சம் பறித்துக்கொள்ளும். அதையும் சேர்த்தால் ராக்கெட் ஏறத்தாழ 9.4 கிலோமீட்டர் வேகத்துக்கான உழைப்பைப் போட்டாக வேண்டும். இந்த 9.4 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேகத்தைப் பெற ராக்கெட்டுக்கு ஒரே வழிதான் உண்டு: தன்னிடம் உள்ள பொருளைப் பின்னால் வீசுவது. பின்னால் போகிற வாயு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் நல்ல எஞ்சினில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 3.3 கிலோமீட்டர். நமக்கு வேண்டியதோ 9.4, அதாவது வாயுவின் வேகத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ராக்கெட்டின் துயரம் எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு இது:

Δv = vₑ · ln(m₀ / m₁)

இடப்பக்கம் இருப்பது ராக்கெட் பெறும் வேகம். vₑ என்பது வாயு வெளியேறும் வேகம். m₀ கிளம்பும்போது உள்ள எடை, m₁ எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் எடை. ln என்பது இயல் மடக்கை. அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அது சொல்வது இவ்வளவுதான்: வேகம் கூட்டலில் ஏறினால், எடை வகுத்தலில் இறங்கும்.

நூறு டன் ராக்கெட்டை வைத்துப் பார்ப்போம். முதல் 3.3 கிலோமீட்டர் வேகம் கிடைப்பதற்குள் எடை 37 டன்னாகக் குறைந்திருக்கும். 63 டன் எரிந்து போயிற்று. அடுத்த 3.3 கிலோமீட்டருக்குள் 37 டன் 13.5 ஆகிவிடும். அதற்கடுத்த 3.3க்குள் 5 டன். ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதை 2.7ஆல் வகுக்க வேண்டும். முதலில் எரிந்த 63 டன்னில் பெரும்பகுதி எதைத் தள்ளியது என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் எரியக் காத்திருந்த எரிபொருளைத்தான் தள்ளியது. பாலைவனத்தைக் கடக்கிறவர் வழிக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் தலையில் சுமந்தால், அந்தச் சுமையின் களைப்புக்கே பாதித் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருக்கும் அல்லவா, அதுபோல.

இப்போது நமக்கு வேண்டிய 9.4ஐச் சமன்பாட்டில் போட்டால் எடை விகிதம் 17 என்று வருகிறது. நூறு டன் ராக்கெட் ஒரே உடலாகச் சுற்றுப்பாதைக்குப் போவதென்றால், அதில் 94.2 டன் எரிபொருளாக இருக்க வேண்டும். எரிபொருள் என்று நான் சொல்வதில் ஆக்சிஜனும் அடக்கம். மிச்சம் 5.8 டன். தொட்டிகள், எஞ்சின்கள், குழாய்கள், கணினி, செயற்கைக்கோள் எல்லாம் அந்த 5.8 டன்னுக்குள் அடங்க வேண்டும்.

94 டன் திரவத்தைத் தாங்கும் தொட்டியும், நூறு டன்னைத் தூக்கும் எஞ்சினும் எவ்வளவு எடை இருக்கும்? எரிபொருள் எடையில் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது மோசமான கட்டுமானம் அல்ல. 94.2இல் 8 சதவீதம் 7.5 டன். நம்மிடம் இருப்பதோ 5.8. செயற்கைக்கோளை ஏற்றுவதற்கு முன்பே 1.7 டன் கடன்.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். கட்டமைப்பை 5 சதவீதத்துக்குக் குறைத்தால்? அப்போது 4.7 டன்தான் ஆகும், 1.1 டன் சுமை ஏற்றலாம். கணக்கு தடுக்கவில்லை. ஆனால் அந்த 1.1 டன் எப்படி வந்தது என்று பாருங்கள். பெரிய எண்ணிலிருந்து அதற்கு மிக அருகில் இருக்கும் இன்னொரு எண்ணைக் கழித்து வந்தது. கட்டமைப்பு 5இலிருந்து 6.2 சதவீதம் ஆனாலே சுமை சுழியாகிவிடும். வரைபடத்தில் இருந்த எடைக்குள்ளேயே கட்டி முடிக்கப்பட்ட ராக்கெட் அபூர்வம்.

இதை நிஜத்தில் நெருங்கிப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் அட்லஸ் ராக்கெட்டைக் கட்டியவர்கள். 1950களில், வெற்றிடத்தில் எஞ்சினைப் பற்றவைக்க முடியுமா என்பதே உறுதியாகத் தெரியாத காலம். அதனால் மூன்று எஞ்சின்களையும் தரையிலேயே பற்றவைத்தார்கள். பாதி வழியில் இரண்டு எஞ்சின்களை மட்டும் உதறிவிட்டு, ஒரே தொட்டியோடும் ஒரே எஞ்சினோடும் மேலே போனார்கள். எடையைக் குறைக்கத் தொட்டியை மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் செய்தார்கள். உள்ளே விறைப்புச் சட்டங்கள் கிடையாது. உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்திருந்தது. அழுத்தம் இறங்கினால் தன் எடையிலேயே மடங்கிவிடும். 1963இல் ஏவுதளத்தில் நின்றிருந்த ஒரு அட்லஸ் அப்படித்தான் சரிந்தது.

1958 டிசம்பர் 18 அன்று ஸ்கோர் என்ற செயற்கைக்கோளோடு ஒரு அட்லஸ் தன் தொட்டியைக் கழற்றாமலே சுற்றுப்பாதையை அடைந்தது. தரையை விட்டபோது நூறு டன்னுக்கு மேல். மேலே போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 4 டன். அதில் உண்மையான பயன்சுமை 68 கிலோ. மற்றதெல்லாம் காலித் தொட்டியும் எஞ்சினும். எனக்கு இந்தச் சமன்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பறப்பு வேறெதுவும் தெரியாது.

இப்போது அதே நூறு டன்னை, தனித்தனித் தொட்டியும் எஞ்சினும் கொண்ட இரண்டு நிலைகளாகப் பிரிப்போம். அதே எரிபொருள், அதே 8 சதவீதக் கட்டமைப்பு. எதையும் மேம்படுத்தவில்லை. வேகத்தை மட்டும் ஆளுக்குப் பாதியாக, 4.7 என்று பகிர்ந்துகொள்ளட்டும். 4.7 கிலோமீட்டருக்கு எடை விகிதம் 4.15. முதல் நிலை 75.9 டன்னை எரிக்கிறது. மிச்சம் 24.1 டன். அதில் 6.1 டன் முதல் நிலையின் காலி உடல். அதைக் கழற்றிவிட்டால் 18 டன் மிஞ்சுகிறது. அந்த 18 டன் ஏற்கெனவே 4.7 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் புது ராக்கெட். அது 13.7 டன்னை எரித்து, 1.1 டன் காலி உடலோடு சுற்றுப்பாதையை அடைகிறது. மிஞ்சிய 3.2 டன் முழுவதும் பயன்சுமை.

சற்று முன்பு 1.7 டன் கடனில் நின்றோம், இப்போது 3.2 டன் கையில். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அந்த 6.1 டன் காலி உடலை இன்னும் 4.7 கிலோமீட்டர் வேகத்துக்கு விரட்ட வேண்டியிருந்திருந்தால், கடைசியில் சேரும் ஒவ்வொரு டன்னுக்கும் மூன்று டன்னுக்கு மேல் எரிபொருள் செலவாகியிருக்கும். அந்தச் செலவை நாம் செய்யவில்லை, அவ்வளவுதான். இதில் கட்டமைப்பு 8இலிருந்து 10 சதவீதம் ஆனால்கூடச் சுமை 2.7 டன்னுக்கு இறங்குமே தவிர, திட்டம் கவிழாது. பொறியாளருக்குத் தவறுவதற்கு இடம் கிடைக்கிறது. நிலைகளாகப் பிரிப்பதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அப்படியானால் பத்து நிலைகள் வைக்கலாமே என்று தோன்றும். அதே கணக்கில் மூன்று நிலைக்கு 3.9 டன் வருகிறது, நான்குக்கு 4.1. எண்ணற்ற நிலைகளாகப் பிரித்து, காலியான தொட்டியை அவ்வப்போது துளித்துளியாக உதிர்த்தாலும் 4.6 டன்னைத் தாண்டாது. முதல் பிரிப்பு கொடுத்த லாபத்தை அடுத்தவை கொடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு பிரிப்பும் ஒரு ஆபத்தைக் கொண்டுவரும்.

பிரியும் அந்தச் சில நொடிகளைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 2008 ஆகஸ்ட்டில் ஃபால்கன் 1 ராக்கெட்டின் மூன்றாவது பறப்பு. முதல் நிலையின் எஞ்சினை நிறுத்தியாயிற்று, இணைப்புகள் விடுபட்டு இரண்டும் விலகின. ஆனால் நிறுத்திய எஞ்சினின் குழாய்களில் மிஞ்சியிருந்த எரிபொருள் கசிந்து, கொஞ்ச நேரம் மெல்லிய உந்துதலைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கழன்ற முதல் நிலை அந்த உந்துதலில் முன்னேறி, இரண்டாம் நிலையின் பின்பக்கத்தில் மோதியது. தரைச் சோதனையில் ஏன் தெரியவில்லை? அந்த மிச்ச உந்துதலின் அழுத்தம் தரைமட்டக் காற்றழுத்தத்தைவிடக் குறைவு. சுற்றியுள்ள காற்று அதை மறைத்துவிட்டது. வெற்றிடத்தில் மறைக்க எதுவும் இல்லை. தீர்வு என்ன தெரியுமா? எஞ்சினை நிறுத்துவதற்கும் பிரிப்பதற்கும் இடையே இன்னும் சில நொடி காத்திருப்பது. செப்டம்பர் 28 அன்று நான்காவது பறப்பு சுற்றுப்பாதையை அடைந்தது.

பெரும்பாலான ராக்கெட்டுகள் இரண்டு அல்லது மூன்று நிலைகளோடு நிற்பதற்குக் காரணம் இப்போது புரியும். அரை டன் கூடுதல் சுமைக்காக இன்னொரு எஞ்சின், இன்னொரு பற்றவைப்பு, இன்னொரு பிரிப்பு என்று ஏற்றிக்கொண்டே போக யாருக்கும் துணிவு வராது.

கடைசியாக, இந்தக் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு முடிக்கிறேன். நம் இரண்டு நிலை ராக்கெட்டின் மேல் நிலையில் ஒரு கிலோ எடை கூடினால், பயன்சுமையில் முழுதாக ஒரு கிலோ போய்விடும், ஏனென்றால் அதுவும் சுற்றுப்பாதை வரை போகிறது. அதே ஒரு கிலோ முதல் நிலையில் கூடினால் பயன்சுமையில் 180 கிராம்தான் குறையும். அதனால்தான் மேல் நிலையைக் கிராம் கிராமாகச் செதுக்குகிறார்கள், முதல் நிலையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கட்டுகிறார்கள். ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் நிலை திரும்பி வந்து நிமிர்ந்து தரையிறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மடக்குக் கால்கள், வழிகாட்டும் துடுப்புகள், இறங்குவதற்கென்று மிச்சம் வைத்த எரிபொருள் எல்லாமே கூடுதல் சுமைதான். அவற்றை முதல் நிலையில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலைதான் கொடுக்க வேண்டும். மேல் நிலையில் வைத்தால் முழு விலை. அந்த ராக்கெட்டின் மேல் நிலைக்குக் கால்கள் கிடையாது.