முதல் சுற்றில் அவசரம் வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளைகளுக்காக நாலு வார்த்தை பேசுங்கள் என்றார் தலைமையாசிரியர். பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், மைலோ லாரி திடலுக்குள் வந்துவிட்டது. அதற்கப்புறம் கோச் பேச்சை யார் கேட்பார்கள்? அன்று பாதியில் நின்றதை இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வானொலி நிலையத்துக்குள் லாரி வராது என்ற தைரியத்தில்தான்.

100 மீட்டரில் எப்போதும் கடைசியாக வருகிற தம்பி, தங்கச்சிகளே, இந்தப் பேச்சு உங்களுக்கு. பெற்றோரும் கொஞ்சம் காது கொடுங்கள். உங்களுக்கும் இரண்டு வார்த்தை இருக்கிறது.

100 மீட்டரில் தோற்றவுடன் "எனக்கு ஓட வராது" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். ஆனால் 100 மீட்டரும் 1200 மீட்டரும் வேறு வேறு வேலை. நம் தசைகளில் இரண்டு வகை இழைகள் கலந்திருக்கின்றன. ஒரு வகை சட்டென்று விசையோடு இழுக்கும், சீக்கிரமே களைத்துவிடும். இன்னொரு வகைக்கு விசை குறைவு, ஆனால் நெடுநேரம் தாங்கும். குறுந்தூர ஓட்டம் முதல் வகையின் ராஜ்ஜியம். நெடுந்தூரத்தில் இரண்டாவது வகைக்குத்தான் வேலை அதிகம். உங்களுக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று 100 மீட்டரை மட்டும் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் பக்கத்து பக்கத்தில் நிற்பார்கள். பத்து, பதினொரு வயதில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, அப்படியென்றால் நெடுந்தூர ஓட்டத்திலும் ஏன் திணறுகிறீர்கள்? அந்தப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் ஓட்டத்தைச் சொல்கிறேன், காரணம் புரியும்.

திடல் சிறியது. ஒரு சுற்று 200 மீட்டர், 1200 மீட்டருக்கு ஆறு சுற்று. பயிற்சியில் முதன்முறை ஓடியபோது, விசில் அடித்ததும் எல்லாரோடும் சேர்ந்து அவளும் பறந்தாள். முதல் சுற்று 50 விநாடி. இரண்டாவது 78. மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள், அது 100 விநாடி. அப்புறம் நடப்பதும் ஓடுவதுமாக, அழாத குறையாக முடித்தாள். மொத்தம் 9 நிமிடம். முடித்ததும் என்னிடம் சொன்னது: "சார், எனக்கு மூச்சு பத்தல. நான் ஓட மாட்டேன்."

மூச்சில் ஒரு கோளாறும் இல்லை. நாம் ஓடத் தொடங்கியதும் நுரையீரலும் இதயமும் உடனே முழு வேகம் எடுப்பதில்லை, கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை தசைகள் தங்களிடம் கைவசம் உள்ள சரக்கை, ஆக்சிஜன் போதாமலே எரித்து ஓடுகின்றன. அந்த நேரத்தில் பறந்தால் கையிருப்பு கரைந்துவிடும், கால் கனக்கும், மூச்சு இரைக்கும். பிள்ளைகளுக்கு இந்தக் கையிருப்பு பெரியவர்களைவிடக் குறைவு. ஆக, முதல் சுற்றில் செய்த செலவைத்தான் மூன்றாம் சுற்றில் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அவளுக்குக் கொடுத்த திட்டம் இதுதான்: ஒவ்வொரு சுற்றும் 85 விநாடி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "அது ரொம்ப மெதுவாச்சே சார், எல்லாரும் சிரிப்பாங்க." கணக்குப் போட்டுப் பார் என்றேன். ஆறு முறை 85 என்றால் 510 விநாடி, அதாவது எட்டரை நிமிடம். பறந்து ஓடிய நாளைவிட அரை நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

கணக்கு புரிந்துவிட்டது, கால் கேட்கவில்லை. அடுத்த பயிற்சியில் முதல் சுற்றை 66 விநாடியில் முடித்தாள். கூட்டத்தோடு கிளம்பும்போது வேகத்தை அடக்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். கையில் கடிகாரமும் கிடையாது. அதற்காகத்தான் ஏழாம் வாய்ப்பாட்டைக் கொண்டுவந்தேன்.

ஓடிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஓரேழிலேயே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். பாதி வாய்ப்பாட்டை நிறுத்தாமல் ஒப்பிக்க முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்றுநர் இருந்தார், காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவரிடம் பழகிய பீட்டர் ஸ்நெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். அந்த வீரர்களுக்கு நிதானமான நெடுந்தூர ஓட்டத்தையே அடித்தளமாகப் போட்டவர் லிடியார்ட். பின்னாளில் நடுத்தர வயதுக்காரர்களையும் ஓட வைத்தார். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு அவர் வைத்த அளவு. பேச்சுக்குப் பதில் நான் வாய்ப்பாட்டை வைத்தேன். கணக்கு ஆசிரியருக்கும் சந்தோஷம்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். திடல் தூரமாக இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். நம் ஊரில் செம்பனைக்குப் பஞ்சமா? செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில்தான் நடுவார்கள். தோட்டச் சாலையில் ஒரு மரத்தின் அருகில் தொடங்கி, ஓரமாக இருபது மரம் தாண்டினால் கிட்டத்தட்ட 180 மீட்டர். திடலின் ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். முதல் வாரம் இருபது மரம் ஓடுங்கள், பத்து மரம் நடங்கள். இப்படி ஐந்து முறை. வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். வாய்ப்பாடு சுலபமாக வருகிறதென்றால் அடுத்த வாரம் இருபத்தைந்து மரம். வராவிட்டால் இருபதிலேயே இருங்கள், யாரும் துரத்தவில்லை.

நாய் துரத்தினால் மட்டும் ஓடாதீர்கள். நின்று, மெல்ல நடந்து விலகுங்கள். மர வரிசைக்குள்ளே போகாதீர்கள், அடுக்கி வைத்த மட்டைகளுக்கு அடியில் பாம்பு இருக்கும். சாலையிலேயே ஓடுங்கள், குலை ஏற்றிய லாரி வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம். அண்ணனோ அக்காவோ சைக்கிளில் கூட வரட்டும்.

நடுவில் நடப்பதைச் சிலர் அவமானமாக நினைக்கிறார்கள். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நெடுநடையில் தங்கம் வென்றார். எடுத்துக்கொண்ட நேரம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம். அந்த மாணவிக்கு நான் போட்ட ஓட்டத் திட்டமே கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் வரும். நெடுநடைக்கென்று தனி விதியும் தனி நுட்பமும் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் நடக்கிறவனைக் கேலி செய்கிறவர்கள் அவரோடு ஒரு கிலோமீட்டர் ஓடிப் பார்த்திருக்க வேண்டும்.

இனி பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும். முதல் சுற்றில் "ஓடு ஓடு, விடாதே" என்று கத்தாதீர்கள். அந்தப் பிள்ளை அப்போதுதான் வேகத்தை அடக்கப் பாடுபடுகிறது. உங்கள் சத்தம் கேட்டதும் வாய்ப்பாடு மறந்துவிடும். கத்தியே ஆக வேண்டுமென்றால் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, தண்டனையாக "திடலை ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா" என்று அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டுப்பாடம் செய்யாததற்கு ஓட்டம், சத்தம் போட்டதற்கு ஓட்டம் என்று வருடம் முழுக்க ஓடவிட்டு, குறுக்கோட்டம் வரும்போது மட்டும் ஆசையாக ஓடு என்றால் எப்படி?

போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மூவர் முடித்ததும் ஒலிபெருக்கியில் அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கிறீர்கள். கயிறு இழுக்கும் கயிறு ஓடுபாதையின் குறுக்கே வந்துவிடுகிறது, கூட்டம் கோட்டைத் தாண்டி நடக்கிறது. இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கிற பிள்ளை எங்கே ஓடும்? கடைசிப் பிள்ளை முடிக்கும்வரை பாதையைக் காலியாக வையுங்கள். கடைசியாக வந்தவருக்கும் நேரத்தைக் குறித்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். போன தடவை எவ்வளவு என்று தெரிந்தால்தானே இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். போட்டியன்று முதல் சுற்றில் கடைசி ஆளாக வந்தாள். இல்லக் கூடாரத்தில் ஓரிருவர் சிரித்ததும் உண்டு. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஐந்து சுற்றும் 85-ஐ ஒட்டியே வந்தன. ஐந்தாவதில், முன்னால் பறந்த இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள், இவள் அவர்களைத் தாண்டிப் போனாள். கடைசிச் சுற்று 76. மொத்தம் 8 நிமிடம் 21 விநாடி. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் முடித்த கையோடு என்னிடம் வந்து, "சார், அடுத்த தடவை 80 வைக்கலாமா?" என்றாள். 83 வைக்கலாம் என்று பேரம் பேசி முடித்திருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. ஓடும்போது நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ அது சாதாரண மூச்சிரைப்பு இல்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட வேண்டும். வெயிலில் தலை சுற்றினாலோ, குமட்டினாலோ உடனே நின்று நிழலுக்குப் போய் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். ஒருவன் சம்பந்தமில்லாமல் உளறினால், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. பயிற்சியைக் காலை எட்டரைக்கு முன்போ மாலை ஐந்தரைக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். நாசி லெமாக்கை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு உடனே ஓடினால் விலா பிடிக்கும், இரண்டு மணி நேரமாவது கழியட்டும்.

ஏழாம் வாய்ப்பாடு இன்னும் மனப்பாடம் ஆகாதவர்கள் ஐந்தாம் வாய்ப்பாட்டில் ஓடலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நன்றி, வணக்கம்.