நிறுத்து மின்னழுத்தம் எதை அளக்கிறது?

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, ஒளிமின் விளைவில் கணக்கு என்று வந்தால் இருப்பது ஒரே ஒரு சமன்பாடுதான். அதை நீங்கள் எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டீர்கள். அப்படியும் மதிப்பெண் போகிறதே, ஏன்? அந்தச் சமன்பாட்டில் வரும் V₀ எதை அளக்கிறது என்று நின்று யோசிக்காததால்தான். அதனால் இன்று பத்துக் கணக்கு போடப் போவதில்லை. ஒரே கணக்கைப் பல பக்கமாகப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் கருவி. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு தகடுகள். ஒன்றின் மேல் ஒளி விழுகிறது, அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன, எதிரில் உள்ள தகடு அவற்றை வாங்கிக்கொள்கிறது, அம்மீட்டரில் மின்னோட்டம் தெரிகிறது. இப்போது மின்கலத்தைத் திருப்பி இணையுங்கள். வாங்கும் தகடு எதிர்மின்னழுத்தத்துக்குப் போய்விடும், வருகிற எலக்ட்ரானைப் பின்னால் தள்ளும். அந்த மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மின்னோட்டம் சட்டென்று அறுந்துபோகாது, படிப்படியாகத்தான் குறையும். இதைக் கவனியுங்கள். எல்லா எலக்ட்ரானும் ஒரே வேகத்தில் வெளியே வருவதில்லை. உலோகத்துக்குள் சற்று ஆழத்திலிருந்து வருவது வழியில் மோதி ஆற்றலை இழந்திருக்கும், அது முதலில் நின்றுவிடும். கடைசிவரை தாக்குப்பிடிப்பது மிக வேகமான எலக்ட்ரான். அதுவும் நின்று மின்னோட்டம் சுழியாகும் இடம்தான் நிறுத்து மின்னழுத்தம். ஆக V₀ அளப்பது பெரும இயக்க ஆற்றலை மட்டும்தான். எத்தனை எலக்ட்ரான்கள் வந்தன என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஐன்ஸ்டீன் 1905-இல் சொன்னது இதுதான்: ஒரு ஃபோட்டான் தன் ஆற்றல் hν முழுவதையும் ஒரே எலக்ட்ரானிடம் கொடுக்கிறது. பரப்பை விட்டு வெளியேற W செலவாகிறது, மீதி இயக்க ஆற்றல்.

hν = W + eV₀

மீதி சுழியாகும் அதிர்வெண்தான் பயன்தொடக்க அதிர்வெண். அதாவது W = hν₀.

சரி, கணக்குக்கு வருவோம். பாதரச விளக்கின் 436 நானோமீட்டர் நீல ஒளி ஓர் உலோகத்தில் விழும்போது நிறுத்து மின்னழுத்தம் 0.54 வோல்ட். அதே விளக்கின் 365 நானோமீட்டர் புற ஊதாக் கோட்டுக்கு 1.09 வோல்ட். பிளாங்க் மாறிலி, வெளியேற்று ஆற்றல், பயன்தொடக்க அதிர்வெண் ஆகியவற்றைக் காண்க.

இங்கே தெரியாதவை h, W என இரண்டு. இரண்டு அளவீட்டுக்கும் சமன்பாட்டை எழுதிக் கழித்தால் W தானாக ஓடிவிடும். ν = c/λ என்று போட்டால் அதிர்வெண்கள் 6.88 × 10¹⁴, 8.22 × 10¹⁴ ஹெர்ட்ஸ்.

h = e(V₂ − V₁)/(ν₂ − ν₁)
h = (1.6 × 10⁻¹⁹ × 0.55)/(1.34 × 10¹⁴) = 6.57 × 10⁻³⁴ J s

பலர் இந்த இடத்தில் 6.57-ஐ அடித்துவிட்டு 6.63 என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். கேள்வி கொடுத்த தரவிலிருந்து வந்த விடையே விடை. V₀ வேறுபாட்டில் 0.01 வோல்ட் பிசகினாலே h கிட்டத்தட்ட 2 சதவீதம் மாறிவிடும். அடுத்த படிக்கும் இதே h-ஐத்தான் பயன்படுத்த வேண்டும்.

W = hν₂ − eV₂ = 5.40 × 10⁻¹⁹ − 1.74 × 10⁻¹⁹ = 3.66 × 10⁻¹⁹ J = 2.29 eV
ν₀ = W/h = 5.57 × 10¹⁴ Hz

பயன்தொடக்க அலைநீளம் 539 நானோமீட்டர். விடை சரியா என்று பார்க்க 436-ஐ வைத்தும் W-ஐக் கண்டுபாருங்கள், அதே 3.66 வரும்.

இப்போது இதே கேள்வியில் ஒரு வால் சேர்க்கிறேன். அதே விளக்கின் பச்சைக் கோடு 546 நானோமீட்டர். அதைப் போட்டால் நிறுத்து மின்னழுத்தம் எவ்வளவு? அதிர்வெண் 5.49 × 10¹⁴ ஹெர்ட்ஸ், பயன்தொடக்க அதிர்வெண்ணைவிட ஒரு இம்மி குறைவு. எலக்ட்ரானே வராது. சமன்பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் V₀ எதிர்க்குறியில் வரும். அதை மதிப்பாக எழுதக்கூடாது, 'ஒளிமின் உமிழ்வு இல்லை' என்று எழுத வேண்டும்.

அப்புறம் ஒரு பையன் கேட்பான்: 'இம்மிதானே சார் குறைவு, ஒளியின் செறிவைக் கூட்டினால்?' கிணற்றில் தண்ணீருக்குக் கயிறு ஒரு முழம் போதவில்லை என்றால், பத்துப் பேர் பத்துக் கயிறு விட்டாலும் வாளி நனையாது. செறிவைக் கூட்டினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடும், ஒவ்வொன்றின் ஆற்றலும் அப்படியே இருக்கும். பயன்தொடக்க அதிர்வெண்ணுக்கு மேலே செறிவை இரட்டித்தால் மின்னோட்டம் இரட்டிக்கும், V₀ அசையாது. பெரும ஆற்றல் செறிவைப் பொறுத்தது அல்ல என்று லெனார்டு 1902-லேயே கண்டிருந்தார். அலைக் கொள்கைக்குத் தொண்டையில் சிக்கிய முள் அதுதான்.

சரி, அதிர்வெண்ணை இரட்டித்தால்? 436-ஐ 218 ஆக்குகிறோம். V₀ 1.08 ஆகும் என்று எழுதுவது தேர்வில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. இரட்டிப்பது hν மட்டும்தான், W ஒரு தடவைதான் கழியும்.

eV₀′ = 2hν − W = 2eV₀ + W
V₀′ = 1.08 + 2.29 = 3.37 V

ஆறு மடங்குக்கும் மேல் போய்விட்டது, இல்லையா? 'இரட்டிக்குமா, கூடுமா, குறையுமா' என்று ஒரு மதிப்பெண்ணில் கேட்டால் 'இரட்டிப்பைவிட அதிகம்' என்பதே விடை.

பெரும வேகம் கேட்டால் எலக்ட்ரான் வோல்ட்டை ஜூலாக மாற்றிவிட்டுப் போடுங்கள். 365-க்கு ½mv² = 1.09 × 1.6 × 10⁻¹⁹, ஆகவே v வினாடிக்கு 6.2 × 10⁵ மீட்டர். விடை ஒளியின் வேகத்தைத் தாண்டி வந்திருந்தால் நீங்கள் மாற்ற மறந்துவிட்டீர்கள்.

வரைபடம் கேட்டால் முதலில் நேர்க்குத்து அச்சைப் பாருங்கள். அங்கே V₀ இருந்தால் சாய்வு h/e. பெரும இயக்க ஆற்றல் இருந்தால் சாய்வு h. உலோகத்தை மாற்றினால் கோடு இணையாக நகரும், சாய்வு மாறாது.

இந்தக் கோட்டை உண்மையில் வரைந்து காட்டியவர் மில்லிகன். ஐன்ஸ்டீனின் ஃபோட்டானை நம்பாமல்தான் வேலையைத் தொடங்கினார். சோடியம் மாதிரி உலோகத்தில் காற்றுப் பட்டாலே ஆக்ஸைடு படிந்து W மாறிவிடும். அதனால் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து மின்காந்தத்தால் அதைச் சுழற்றி, உலோகத்தைப் புதிதாகச் சீவிச் சீவி அளந்தார். 1916-இல் அவர் வெளியிட்ட h மதிப்பு 6.57 × 10⁻³⁴. நம் கணக்கிலும் அதே எண் வந்தது தற்செயல்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வகத்தில் செய்யும்போது இன்னொரு சிக்கல் வரும். இரண்டு தகடும் வெவ்வேறு உலோகம் என்றால் அவற்றுக்கிடையே தொடு மின்னழுத்தம் இருக்கும். அதைத் திருத்தாமல் கோடு வரைந்தால், அச்சில் கிடைக்கும் வெட்டுத்துண்டு ஒளி விழும் தகட்டின் W-ஐக் காட்டாது, வாங்கும் தகட்டின் W-ஐக் காட்டும். சாய்வுக்கு ஒன்றும் ஆகாது, எனவே h சரியாகவே வரும். தேர்வுக் கணக்குகளில் இதைக் கண்டுகொள்வதில்லை, நீங்களும் விட்டுவிடலாம். ஆனால் மின்னோட்டம் சுழியில் நிற்காமல் சற்று எதிர்ப்பக்கம் போவதைக் கண்டால் பயப்பட வேண்டாம். சிதறிய ஒளி வாங்கும் தகட்டிலும் பட்டு அங்கிருந்தும் எலக்ட்ரான் கிளம்புகிறது என்று பொருள். அப்போது ஊசி சுழியைக் கடக்கும் இடத்தை V₀ என்று எடுத்தால் மதிப்பு கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும்.