முதல் துளிக்கு முன்னால்

எல்லோருக்கும் வணக்கம். பக்கத்தில் இருப்பவரிடம் மல்லிகையின் மணத்தைச் சொல்லிப் பாருங்கள், 'மல்லிகை' என்ற சொல் மட்டும் வரக்கூடாது. "இனிமையாக இருக்கும், மயக்கும்" என்பீர்கள். அதற்கு மேல் நகராது. செம்பருத்தியும் ரத்தமும் சிவப்பு என்று சொல்ல ஒரு பொதுச்சொல் இருக்கிறது. மணத்துக்கு அப்படிச் சொற்கள் குறைவு. பெரும்பாலும் பொருளின் பெயரையே கடன் வாங்குகிறோம். மலாய் தீபகற்பத்து ஜஹாய் மக்களின் மொழியில் மணத்துக்கென்றே தனிச்சொற்கள் உண்டு. நமக்கு வாய்த்தவையோ வாசனை, வாடை, நாற்றம் என்று நல்லது கெட்டது பிரிக்கிற சொற்கள்தான். அதனால்தான் வாசனைத் திரவியத்துக்கோ ஊதுபத்திக்கோ நாலு வரி எழுத உட்காருகிறவர் காட்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. எந்தக் காட்சிக்கு, எந்த வரிசையில் என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். மழை பெய்த மண் வாசனையில் ஒரு திரவியம், அடியில் வெட்டிவேர். நான் முதலில் எழுதியது: "மனதை மயக்கும் மண்ணின் தெய்வீக நறுமணம்." இதைச் சந்தனப் பெட்டியிலும் ரோஜாப் பெட்டியிலும் ஒட்டலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அடித்தேன். இரண்டாவது: "பாட்டி வீட்டு முற்றத்தில் மழை." இது கொஞ்சம் மேல். ஆனால் அது என் பாட்டி, என் முற்றம். அடுக்குமாடியில் வளர்ந்தவருக்கு அதில் நுழைய வாசல் இல்லை. நினைவை எழுதுவது வேறு, வாசகர் தன் நினைவை எடுக்க இடம் விடுவது வேறு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறோம்.

சரி, என்ன செய்வது? வாசனையைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, அது பிறக்கும் நொடியைப் பார்த்தேன். வறண்ட பாறையிலும் மண்ணிலும் தேங்கும் தாவர எண்ணெய்களை 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். இந்த மணத்துக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டவர்களும் அவர்களே. கூடவே மண்ணின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் இருக்கிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும். துளி விழும்போது மண்ணுக்குள் இருக்கும் காற்று குமிழாக எழும்பி வெடித்து, மணத்தை நுண்திவலைகளாகத் தெறிக்கிறது. தூரத்தில் பெய்யும் மழையின் வாசனையைக் காற்று முதலில் கொண்டுவந்துவிடும். அதாவது நாம் நனைவதற்கு முன்பே மணம் வந்து சேர்கிறது! எனக்குத் தேவையான காட்சி இதற்குள்ளேயே இருந்தது.

அப்புறம் காகிதப் பட்டையில் இரண்டு சொட்டு விட்டு, உடனே, கால் மணி கழித்து, இரண்டு மணி கழித்து, மறுநாள் காலை என நான்கு தடவை முகர்ந்து குறித்துக்கொண்டேன். முதலில் கூர்மையான குளிர்ச்சி. கால் மணியில் அது போய் ஈரமண். இரண்டு மணிக்குப் பிறகு புகையும் மரமும் கலந்த வெட்டிவேர், மறுநாளும் அதுதான். இலேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும், கனமானவை தங்கும். காட்சியும் அதே வரிசையில் நகர வேண்டும். மழையை மட்டும் எழுதியிருந்தால், மாலையில் வேர் வாசனையோடு நிற்கிறவர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். ஊதுபத்தி என்றால் இன்னொரு கவனமும் வேண்டும்: கொளுத்தாத குச்சியின் மணமும் புகையின் மணமும் ஒன்றல்ல. எழுத வேண்டியது புகையை, அதுவும் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து அறைக்குத் திரும்பும்போது மிஞ்சியிருப்பதை.

கடைசியில் எழுதியது இது: "கொடியில் துணி இன்னும் எடுக்கவில்லை. காற்று திடீரென்று சில்லிடுகிறது. தூசியில் முதல் துளி, கறுத்த வட்டமாக. ஓடி எடுத்துவிட்டீர்கள். இரவு மடிக்கும்போது துணியில் மழை இல்லை. உலர்ந்த வேரின் வாசனை மட்டும் இருக்கிறது."

'நறுமணம்' என்ற சொல் எங்கும் இல்லை. வாசனையை முகராத மூன்று பேரிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். பிறகு பெயரில்லாத மூன்று பட்டைகளை, காலையில் தோய்த்து மாலையில், நீட்டினேன். எழுத்துக்குரியதைச் சரியாக எடுத்தவர்கள் இரண்டு பேர். மூன்றாமவர் மரவாசனைப் பட்டையை எடுத்தார். கேட்டேன். "மடிக்கும்போது என்றதும் எனக்கு அலமாரி வந்துவிட்டது" என்றார். அவர் சொன்னது சரி. அந்த ஒரு சொல் கதவைத் தவறான பக்கம் திறந்துவிட்டது. 'மடிக்கும்போது' போய் 'முகத்தருகே பிடித்தால்' வந்தது.